ஒரே பிடிஎஃப்பில் பில், டிசி, இ-வே பில், எல்ஆர் எல்லாம் கலந்து கிடக்கிறது. வகை பிரிப்பதை எங்கிருந்து தொடங்குவது?

பனியன்கணக்கு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியின் ஒரு வருட கொள்முதல் காகிதங்கள் 11 பாக்ஸ் ஃபைல்களில் வந்திருக்கின்றன. இதுவரை நான்கு பெட்டிகளை ஸ்கேன் செய்துவிட்டோம், பெட்டிக்கு ஒரு பிடிஎஃப். நூல் மில் பில், சாயப்பட்டறை பில், டெலிவரி சலான், இ-வே பில், லாரி ரசீது, புரொஃபார்மா, வங்கியில் பணம் அனுப்பிய சீட்டு என எல்லாம் பின் அடித்தபடி கலந்து இருந்தன. இருபக்க ஸ்கேன் என்பதால் வெற்றுப் பக்கங்களும் நிறைய.

எனக்குத் தேவை பில் எண், தேதி, விற்றவரின் ஜிஎஸ்டி எண், வரிக்கு முந்தைய மதிப்பு, வரி. ஓசிஆர் ஓட்டி, "Invoice" என்ற சொல் இருக்கும் பக்கத்தையெல்லாம் பில் என்று எடுத்தேன். நான்காம் பெட்டியில் மட்டும் 141 பில் வந்தது. அதே சப்ளையர்களுக்கு, அதே மாதத்துக்கு, ஜிஎஸ்டி தளத்தின் 2பி பட்டியலில் இருப்பது 58. என் பட்டியலை நம்பினால் ஐடிசி வரி வரவு இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. எங்கே தவறினேன்?

---

கோடுபோடும்குமார் எழுதியது:

"Invoice" என்று மட்டும் தேடினால் அப்படித்தான் வரும். "Tax Invoice" என்று முழுச் சொல்லாகத் தேடுங்கள், அதோடு பக்கத்தில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பில், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். பத்து வரி ஸ்கிரிப்டில் முடிந்துவிடும்.

---

பழையபதிவேடு எழுதியது:

தம்பி, முதலில் எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று பிரியுங்கள். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டிய காகிதத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம்.

---

பனியன்கணக்கு எழுதியது:

ஐயா, இது போன வருடத்துக் கணக்கு. கழிக்கும் கேள்வியே வரவில்லை. ஸ்கேன் செய்த பக்கங்களை எப்படி வகைப்படுத்துவது என்பதுதான் என் பிரச்சினை.

குமார், நீங்கள் சொன்னபடி "Tax Invoice"-ம் ஜிஎஸ்டி எண்ணும் சேர்த்துத் தேடிப் பார்த்தேன். 141 என்பது 96 ஆனது. ஆனால் சாயப்பட்டறைப் பில்கள் சில காணாமல் போய்விட்டன. இ-வே பில்கள் அப்படியே உள்ளே நிற்கின்றன.

---

ரேவதி_ஸ்கேன்பணி எழுதியது:

பதினான்கு வருடமாக ஸ்கேனிங் சர்வீஸில் இருக்கிறேன். ஆடிட்டர் அலுவலகக் காகிதங்கள்தான் அதிகம். இதில் என் கையே சுட்ட அனுபவமும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சொல்லைத் தேடியதில் பெரிய தப்பு இல்லை. எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரிக் காகிதம் என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் "எதை எடுப்பது" என்ற கேள்வியைக் கேட்டதுதான் சிக்கல். இ-வே பில் பிரிண்டில் ஆவண விவரம் என்ற இடத்தில் `Tax Invoice` என்றும் பில் எண்ணும் இருக்கும், இரண்டு பேரின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும். லாரி ரசீதில் பில் எண் எழுத ஒரு கட்டம் உண்டு. வங்கிச் சீட்டில் எந்தப் பில்லுக்குப் பணம் என்று இருக்கும். அதாவது ஒரே பில்லைப் பற்றி நான்கு காகிதங்கள் பேசுகின்றன. பில்லைப் பற்றிப் பேசும் காகிதத்தையும் பில்லையும் நீங்கள் பிரிக்கவில்லை.

ஸ்கிரிப்டைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நான்காம் பெட்டியை ஒரு முறை கண்ணால் முழுக்கப் புரட்டுங்கள். எதையும் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும், "இது என்ன காகிதம், யார் யாருக்குக் கொடுத்தது, கணக்கில் எதற்கு ஆதாரம்" என்று மனதில் தோன்றும் பெயரை எக்செலில் எழுதிக்கொண்டே போங்கள். முந்நூறு சொச்சம் பக்கம் ஒரு மதியத்தில் முடியும். பெயர்கள் இருபதைத் தாண்டி வரும், வரட்டும். முடித்த பிறகு ஒவ்வொரு பெயருக்கும் நேராக "இதிலிருந்து எனக்கு என்ன வேண்டும்" என்று எழுதுங்கள். ஒரே விவரங்கள் வேண்டியவற்றைச் சேருங்கள். தலைப்பு ஒன்றாக இருந்தும் வேண்டிய விவரம் வேறு என்றால் பிரித்து வையுங்கள். கடைசியில் எட்டோ ஒன்பதோ நிற்கும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நீங்கள் பக்கத்தை எண்ணுகிறீர்கள், ஆனால் எண்ண வேண்டியது ஆவணத்தை. இரண்டு பக்கப் பில்லின் இரண்டாம் பக்கத்திலும் அதே தலைப்பும் அதே பில் எண்ணும் வரும். அது உங்கள் பட்டியலில் இன்னொரு பில் ஆகிவிட்டது. அதனால் வகை பிரிப்பதற்கு முன்னால், ஒரு காகிதம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட வேண்டும்.

---

கோர்ட்டு_குமாஸ்தா எழுதியது:

நான் வக்கீல் அலுவலகத்தில் நிலப் பத்திரக் கட்டுகளைப் பிரிக்கிறேன். எங்களுக்கும் இதே பாடுதான். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது எல்லாம் ஒரே கட்டில் வரும். ஆனால் பதிவான பத்திரத்தில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு தாளிலும் ஆவண எண், ஆண்டு, மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்று முத்திரை இருக்கும். அதை மட்டும் பிடித்தால் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் பில்லில் அப்படி ஒன்றும் கிடையாதா?

---

ரேவதி_ஸ்கேன்பணி எழுதியது:

உங்கள் காகிதம் தன் எல்லையைத் தானே சொல்லிவிடுகிறது. வியாபாரக் காகிதத்தில் பாதி நேரம் அது இருக்காது. கணக்கு மென்பொருளில் அடித்த பில் என்றால் முதல் பக்கத்தின் அடியில் `continued` என்று வரும், அது நல்ல அடையாளம். மற்றதுக்கு நான் பார்ப்பது இதுதான்: இந்தப் பக்கத்தின் மேல் பகுதியில் உள்ள பில் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் முந்தைய பக்கத்தில் இருந்ததேதானா, மொத்தத் தொகை முந்தைய பக்கத்திலேயே வந்துவிட்டதா? எண் அதேதான், மொத்தம் இன்னும் வரவில்லை என்றால் அது தொடர்ச்சி. எண் அதேதான், மொத்தமும் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் அது பெரும்பாலும் இன்னொரு பிரதி.

பிரதிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரக்குப் பில் மூன்று பிரதி போட வேண்டும் என்பது விதி. வாங்குபவருக்கு ஒன்று, லாரியோடு போக ஒன்று, விற்றவரிடம் ஒன்று. கம்பெனியின் ஃபைலில் `ORIGINAL FOR RECIPIENT`-ம் `DUPLICATE FOR TRANSPORTER`-ம் இரண்டுமே வந்து சேர்ந்திருக்கும். டிசிக்கும் மூன்று பிரதிதான், ஆனால் அதில் சொல் வேறு: `ORIGINAL FOR CONSIGNEE`. தலைப்பு மங்கிப்போன கார்பன் தாளில் பில்லா டிசியா என்று திணறும்போது இந்த ஒற்றை வரி எனக்குப் பல முறை உதவியிருக்கிறது. `RECIPIENT` என்றால் பில், `CONSIGNEE` என்றால் டிசி. எல்லாரும் விதிப்படி அச்சடிப்பதில்லை என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

---

கோடுபோடும்குமார் எழுதியது:

மேடம், சொல்லைப் பார்க்காமல் பக்கத்தின் தோற்றத்தை வைத்துப் பிரித்தால் என்ன? கட்டம் எங்கே, லோகோ எங்கே, கோடு எத்தனை என்று பார்த்துப் படமாகவே வகைப்படுத்தலாமே. ஓசிஆர் தப்பாகப் படிக்கும் தொல்லை இருக்காது.

---

ரேவதி_ஸ்கேன்பணி எழுதியது:

இ-வே பில்லுக்கும் லாரி ரசீதுக்கும் அது நன்றாக வேலை செய்யும். இ-வே பில் எங்கிருந்து வந்தாலும் ஒரே அமைப்பு, மேலே க்யூஆர், கீழே பார்கோடு. ஆனால் பில்லும் டிசியும் பிரிய வேண்டிய இடத்தில் அது கைவிடும். இந்தப் பக்கத்துச் சின்னக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே கணக்கு மென்பொருளில்தான் இரண்டையும் அடிக்கின்றன. கட்டம், கோடு, முகவரி இடம் எல்லாம் அச்சாக ஒன்று. தலைப்பில் உள்ள இரண்டு சொல்தான் வித்தியாசம். உங்கள் முறையில் அந்த இரண்டு சொல்லுக்கு எடையே இருக்காது.

பனியன்கணக்கு தம்பிக்கு: முழுப் பக்கத்தையும் தேடாதீர்கள், மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் படியுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐயில் 3508 புள்ளி உயரம், அதில் மேலே 1170 போதும்.

```
pdftoppm -r 300 -gray -png -x 0 -y 0 -W 2480 -H 1170 box04.pdf top
tesseract top-001.png top-001 -l eng+tam --psm 4
```

தலைகீழாக ஸ்கேன் ஆன பக்கத்தில் இது அடிப்பகுதியைத்தான் வெட்டும். அதனால் முதலில் பக்கங்களை நிமிர்த்திவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் விதிகளின் வரிசை. மற்ற காகிதங்களைப் பற்றிப் பேசும் காகிதம் முதலில் வெளியே போக வேண்டும். பில் கடைசியில்தான்.

```
if   "E-WAY BILL" in top:        t = "EWB"
elif "PROFORMA" in top:          t = "PI"
elif "CREDIT NOTE" in top:       t = "CN"
elif "DEBIT NOTE" in top:        t = "DN"
elif "DELIVERY CHALLAN" in top:  t = "DC"
elif "TAX INVOICE" in top:       t = "BILL"
else:                            t = "UNSORTED"
```

`top` முழுவதையும் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். `DELIVERY CHALLAN` என்று முழுச் சொல்லாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வெறும் `CHALLAN` என்று வைத்தால் டிடிஎஸ் கட்டிய சலான், பிஎஃப் சலான், ஜிஎஸ்டி கட்டிய சலான் எல்லாம் சரக்கு அனுப்பிய டிசியோடு போய் உட்கார்ந்துவிடும். நான் ஒரு முறை அப்படிச் செய்து, பிஎஃப் கட்டிய தொகையைக் கிலோ என்ற கட்டத்தில் ஏற்றிக் கொடுத்தேன். வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

எதிலும் சேராததை எதிலாவது திணிக்காதீர்கள். `UNSORTED` என்பதும் ஒரு வகைதான். அந்தக் குவியலைக் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும்.

---

பனியன்கணக்கு எழுதியது:

மேடம் சொன்னபடி நான்காம் பெட்டியைக் கையால் புரட்டினேன். இரண்டு மதியம் ஆனது. மொத்தம் 352 பக்கம், அதில் 118 வெற்றுப் பக்கம். மீதி 234-க்கும் பெயர் எழுதினேன், 23 பெயர் வந்தது.

முதலில் பில் என்று எடுத்த அந்த 141 என்னவென்று இப்போது தெரிகிறது. பில்லின் முதல் பக்கம் 55, இரண்டாம் பக்கம் 19, இ-வே பில் 31, லாரி ரசீது 22, புரொஃபார்மா 8, வங்கிச் சீட்டு 6. உண்மையில் பெட்டியில் இருந்த பில் 61. விடுபட்டவை ஆறு. நான்கில் `JOB WORK BILL` என்று சாயப்பட்டறைக்காரர் அச்சடித்திருக்கிறார், இரண்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட், ரிப்பன் காய்ந்துபோய் எழுத்தே பிடிபடவில்லை. அந்த 61-இல் நான்கு, லாரிப் பிரதி. ஆக 57 பில். 2பி-யில் 58. இன்னும் ஒன்று இடிக்கிறது.

டிசிதான் எனக்குப் புதிய பாடம். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் மூன்று விதம். நாங்கள் சாயத்துக்கு அனுப்பிய துணிக்கு எங்கள் டிசி, சாயம் முடிந்து திரும்பியபோது பட்டறை போட்ட டிசி, நூல் மில்லிலிருந்து பில்லோடு சேர்ந்து வந்த டிசி. முதல் இரண்டிலும் கிலோவும் ரோலும் வேண்டும். 500 கிலோ போய் 465 வந்தால் குறைவை யாராவது கேட்பார்கள். மூன்றாவதில் பில் எண் போதும், மற்றதெல்லாம் பில்லிலேயே இருக்கிறது. இவற்றை ஒரே வகையாக வைத்திருந்தால் எதையும் உருப்படியாக எடுத்திருக்க முடியாது.

இரண்டு சந்தேகம். வெற்றுப் பக்கங்களை ஃபைல் அளவை வைத்து மொத்தமாக நீக்கிவிடலாமா? அப்புறம் `DEBIT NOTE` என்று 9 இருக்கிறது. அதில் சிலது நம் கம்பெனியே போட்டது போல இருக்கிறது, குழப்பமாக உள்ளது.

---

ரேவதி_ஸ்கேன்பணி எழுதியது:

வெற்றுப் பக்கத்தை அளவு பார்த்து நீக்காதீர்கள். மெல்லிய கார்பன் தாளின் பின்பக்கத்தில் முன்பக்க எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பித் தெரியும், அது கனமான ஃபைலாக வரும், ஆனால் அதில் விஷயம் இல்லை. இதற்கு நேர்மாறாக, ஸ்டோரில் சரக்கு இறக்கியவர் பின்பக்க ஓரத்தில் சின்ன முத்திரை குத்தித் தேதியும் கையெழுத்தும் போட்டிருப்பார். ஃபைல் அளவில் அது வெற்றுப் பக்கத்துக்குச் சமம், ஆனால் சரக்கு வந்து சேர்ந்ததற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான். சின்னப் படங்களாக ஒரே திரையில் முப்பது நாற்பது பக்கம் போட்டுக் கண்ணால் ஓட்டுங்கள், 118 பக்கம் ஐந்து நிமிட வேலை. உங்கள் ஐம்பத்தெட்டாவது பில்லையும் அங்கேயே தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால், ஸ்கேன் செய்யும்போது இரண்டு தாள் சேர்ந்து இழுத்திருந்தால், ஒன்றின் முன்பக்கம் படமே ஆகியிருக்காது. பக்க எண்ணிக்கையைத் தாள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது தெரியும்.

டெபிட் நோட் கஷ்டமான இடம். ஜிஎஸ்டி சட்டத்தில் டெபிட் நோட் என்பது விற்றவர் போடுவது, பில்லில் குறைவாகப் போட்ட மதிப்பைக் கூட்டுவதற்கு. ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் துணியில் குறை இருந்தாலோ கிலோ குறைந்தாலோ, வாங்கியவர் சப்ளையர் மேல் டெபிட் நோட் போடுவார். தலைப்பு ஒன்றுதான். ஒன்று நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது. தலைப்பை விட்டுவிட்டு யார் போட்டது என்று பாருங்கள். தாளின் உச்சியில், போட்டவர் இடத்தில், உங்கள் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் இருந்தால் அது நீங்கள் போட்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அது இங்கே எல்லாருக்கும் ஒன்று, உதவாது. அடுத்த பத்து எழுத்து பான் எண், அதை ஒப்பிடுங்கள். `DN_OURS`, `DN_THEIRS` என்று இரண்டு குவியல்.

---

ஈரோடு_ஆடிட் எழுதியது:

ரேவதி அம்மா சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு. வாங்குபவர் போட்ட டெபிட் நோட்டைத் தனிக் குவியலாக வைப்பதோடு நிற்கக் கூடாது. அதற்கு எதிராக சப்ளையர் கிரெடிட் நோட் கொடுத்தாரா என்று பார்த்து, இரண்டையும் ஒரே ஆவணக் கட்டாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. கிரெடிட் நோட் வராத வரை நாம் போட்ட தாள் வெறும் கோரிக்கைதான். எங்கள் அலுவலகத்தில் அவற்றை "பதில் வராதது" என்று தனி வகையாகவே வைத்திருக்கிறோம்.

---

ரேவதி_ஸ்கேன்பணி எழுதியது:

அது கணக்கு முடிவு, காகித வகை ஆகாது என்பேன். வகை பிரிக்கும்போது தாளில் இருப்பதை வைத்து மட்டுமே பிரிக்க வேண்டும். இன்னொரு தாள் வந்ததா வரவில்லையா என்பதை வகைக்குள் கொண்டுவந்தால், நாளை கிரெடிட் நோட் வந்ததும் வகையே மாறும். சேர்ப்பது அடுத்த கட்டத்தில் நடக்கட்டும்.

---

ஈரோடு_ஆடிட் எழுதியது:

கொள்கையாகச் சரி. ஆனால் அடுத்த கட்டம் என்று தள்ளியது எங்கள் இடத்தில் ஒருபோதும் நடந்ததில்லை அம்மா. குவியலுக்குப் பெயர் இருந்தால்தான் யாராவது அதைத் தொடுகிறார்கள்.

---

பனியன்கணக்கு எழுதியது:

58-ஆவது பில் கிடைத்தது. படத்தில் எங்கும் இல்லை. பெட்டியைத் திறந்து தாள்களை எண்ணினேன், 177 தாள். 352 பக்கம் என்றால் 176-தான் இருக்க வேண்டும். இரண்டு மெல்லிய தாள்கள் ஒட்டிப் போயிருக்கின்றன, உள்ளே சிக்கியது ஒரு நூல் மில் பில். மற்ற மூன்று பெட்டிகளையும் நாளை எண்ணப் போகிறேன்.

ஒரு ஆச்சரியம், விதிகளை ஓட்டியபோது பில்களில் வந்த தப்பு இரண்டே இரண்டுதான். இரண்டுமே `TAX INVOICE CUM DELIVERY CHALLAN` என்று அச்சடித்த புத்தகம். விதி அவற்றை டிசி என்று தள்ளிவிட்டது.

---

ரேவதி_ஸ்கேன்பணி எழுதியது:

அந்தச் சொல்லுக்கு டிசி விதிக்கு மேலே ஒரு வரி சேருங்கள். `JOB WORK BILL`-க்கும் அப்படியே. ஆனால் நான்காம் பெட்டியில் பிழை குறைந்தது என்று மற்ற பெட்டிகளுக்கும் நம்பிவிடாதீர்கள். விதிகளை அந்தப் பெட்டியைப் பார்த்துத்தானே எழுதினீர்கள். அடுத்த பெட்டியில் ஓட்டியதும் ஒவ்வொரு குவியலிலும் ஐம்பது பக்கத்தை அங்கங்கே எடுத்துப் பாருங்கள். முதல் ஐம்பதைப் பார்த்தால் ஒரே சப்ளையரின் காகிதமாகத்தான் இருக்கும். `BILL` குவியலில் மட்டும் கறாராக இருங்கள். டிசி ஒன்று பில்லோடு சேர்ந்தால் ஐடிசி தப்பாகப் போகும். பில் ஒன்று `UNSORTED`-இல் கிடந்தால் உங்கள் நேரம்தான் போகும்.

2பி-யோடு ஒப்பிடுவது நல்ல சோதனை, ஆனால் காம்போசிஷன் வியாபாரிகள் கொடுக்கும் `BILL OF SUPPLY` அதில் வராது. அதற்குத் தனிக் குவியல் வைத்திருக்கிறீர்களா?

---

பனியன்கணக்கு எழுதியது:

வைத்திருக்கிறேன் மேடம், அட்டைப்பெட்டிக்காரர், டீக்கடை, பட்டன் கடை என 14 இருக்கிறது. 61-இல் அவற்றைச் சேர்க்கவில்லை.

இன்னும் ஏழு பெட்டி ஸ்கேன் ஆகவில்லை. அவற்றுக்குப் பின்னைக் கழற்றும்போதே நடுவில் ஒரு பிரிப்புத் தாள் வைத்துவிடலாமா? எங்கள் ஸ்கேனரில் பார்கோடு பார்த்துப் பிரிக்கும் வசதி இருக்கிறது.

---

ரேவதி_ஸ்கேன்பணி எழுதியது:

கட்டாயம் வையுங்கள், எப்படியும் கை தாளைத் தொடத்தான் போகிறது. ஆனால் ஒரு பின்னுக்கு ஒரு பிரிப்புத் தாளா, ஒரு ஆவணத்துக்கு ஒன்றா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒரே பின்னில் பில், இ-வே பில், எல்ஆர், டிசி நான்கும் இருந்தால் அந்தப் பின்தான் அவை ஒரே சரக்கைச் சேர்ந்தவை என்பதற்குச் சாட்சி. கழற்றிவிட்டால் அது போய்விடும். நான் பின்னுக்கு ஒரு பிரிப்புத் தாள் வைத்து, கட்டு எண்ணை ஃபைல் பெயரிலேயே போட்டுவிடுவேன்: `box05_set031_p02`. உள்ளே ஆவணம் பிரிப்பதை விதிகள் பார்த்துக்கொள்ளும்.

---

கோர்ட்டு_குமாஸ்தா எழுதியது:

எங்கள் கட்டுகளில் பின்னையே நம்ப முடியாது. ஒவ்வொரு முறை ஜெராக்ஸ் எடுக்கும்போதும் கழற்றி வேறு மாதிரி அடித்துவிடுவார்கள். பனியன்கணக்கு, உங்கள் கம்பெனியில் யாராவது வரி நோட்டீஸுக்காக அந்த ஃபைலை எடுத்து ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கட்டு எண் போடுங்கள்.

---

பனியன்கணக்கு எழுதியது:

கேட்டேன். இரண்டு பெட்டிகளை எடுத்திருக்கிறார்களாம், எந்த இரண்டு என்று அங்கே யாருக்கும் நினைவில்லை. ஏழிலும் இரட்டைத் துளை விழுந்த ஓரங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்கிறேன்.